ரெஸ்யூமே போவதற்கு முன் கூகுளில் உங்கள் பெயர்

கேள்வி: கல்லூரிக் காலத்திலிருந்து பேஸ்புக், எக்ஸ் எல்லாவற்றிலும் கண்டதையும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது வேலை மாறப் பார்க்கிறேன். ஹெச்ஆர் என் பெயரைத் தேடினால் என்ன வரும்? எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது?

பதில்:

ஆள் எடுக்கும் குழுவில் வேலை செய்கிறேன். அதனால் நாங்கள் எப்படித் தேடுவோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெறும் பெயரைத் தேடினால் அதே பெயரில் ஏகப்பட்ட பேர் வந்து நிற்பார்கள். ஆகவே ரெஸ்யூமேவில் நீங்களே கொடுத்த விவரம் ஒன்றைப் பெயரோடு சேர்த்துத் தேடுவோம். கல்லூரி, பழைய நிறுவனம், மின்னஞ்சல், இப்படி ஏதாவது ஒன்று. பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது மின்னஞ்சலைத்தான். @ குறிக்கு முன்னால் இருக்கும் அந்தப் புனைபெயரையே எக்ஸ், இன்ஸ்டாகிராம், பைக் மன்றம், கேம் தளம் என்று எல்லா இடத்திலும் வைத்திருப்பார்கள். அதை மட்டும் தேடினாலே ஆளின் பத்து வருட வரலாறு வந்துவிடும்.

இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து, எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாமல், இவற்றைத் தேடிப் பாருங்கள்:

```
"உங்கள் பெயர்" "கல்லூரியின் பெயர்"
"உங்கள் பெயர்" site:facebook.com
"kaatru_rider"
```

மூன்றாவது வரியில் உங்கள் புனைபெயரைப் போடுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும், தமிழிலும் தேடுங்கள். படங்கள் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவருக்கு இதைச் செய்து பார்த்தோம். அக்கவுண்ட்ஸ் வேலை தேடிக்கொண்டிருந்தார். பெயரைத் தேடினால் லிங்க்ட்இன் மட்டும்தான் வந்தது, சுத்தமாக இருந்தது. புனைபெயரைத் தேடியதும் பழைய எக்ஸ் கணக்கு வந்தது. அதில் மேலாளரைத் திட்டி நாலைந்து பதிவுகள். நடுவில் ஒன்றில், எந்த வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடிக்கிறார் என்று பெயரோடு எழுதியிருந்தார். கோபத்தை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம், எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் கணக்கு வழக்கைப் பார்க்கப் போகிறவர் வாடிக்கையாளர் விவரத்தைப் பொதுவில் போட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்தது. எதை நீக்குவது என்று கேட்டீர்களே, என் அளவுகோல் இதுதான்: வேலை செய்த இடத்தின் உள்விவரம், ஆட்களைக் குறிவைத்த வசை, ரெஸ்யூமேவோடு முரண்படும் தகவல். சுற்றுலாப் படமும் சினிமாச் சண்டையும் அப்படியே இருக்கட்டும், யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நீக்குவதற்கு முன் தரவைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸில் அதற்கான பட்டன் "Download an archive of your data". கோப்பு தயாராக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம், ஆகவே முதல் வேலையாக அதைக் கேட்டு வைத்துவிடுங்கள். பழைய பதிவுகளைக் கண்டுபிடிக்க அங்கேயே தேடல் பெட்டியில் இப்படிப் போடலாம்:

```
from:kaatru_rider until:2019-12-31
```

ஒவ்வொன்றாக நீக்கப் பொறுமை இல்லையென்றால் "Protect your posts" போதும், பழைய பதிவுகளும் சேர்ந்தே மறைந்துவிடும். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

பேஸ்புக்கில் "Limit Past Posts" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. உங்கள் டைம்லைனில் பொதுவில் கிடக்கும் பழைய பதிவுகளை ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடும். நல்லதுதான், ஆனால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பொதுக் குழுவிலும் மற்றவர்களுடைய பொதுப் பதிவிலும் நீங்கள் போட்ட கமெண்ட்டை அது தொடாது. அதை யார் பார்க்கலாம் என்பது அந்தப் பதிவைப் போட்டவர் கையில். இன்ஸ்டாகிராம் கணக்கை பிரைவேட் ஆக்கினாலும் இதே கதைதான். "Activity Log" போய், கமெண்ட் பட்டியலைத் திறந்து, வேண்டாததை நீங்களே அழிக்க வேண்டும். அந்தத் தம்பிக்கும் ஒரு பொதுக் குழுவில் அசிங்கமான வாக்குவாதம் ஒன்று இப்படித்தான் அகப்பட்டது.

அதை அழித்த பிறகும் கூகுள் முடிவில் அந்த வரி அப்படியே தெரிந்தது. பயப்பட வேண்டாம், கூகுள் காட்டியது அது முன்பு எடுத்து வைத்த நகலிலிருந்து வந்த வரி. தானாக மாறட்டும் என்று காத்திருந்தால் வாரக்கணக்கில் ஆகலாம். "Refresh Outdated Content" என்று கூகுளிலேயே ஒரு கருவி இருக்கிறது. தேடல் முடிவில் இருக்கும் முகவரியை அப்படியே எடுத்து அதில் ஒட்ட வேண்டும். பக்கமே போய்விட்டது என்றால் அவ்வளவுதான் வேலை. பக்கம் இருக்கிறது, உங்கள் கமெண்ட் மட்டும் போய்விட்டது என்றால், முடிவில் தெரிகிற, பக்கத்தில் இப்போது இல்லாத ஒரு சொல்லைக் கேட்கும். கமெண்ட்டில் மட்டும் வந்த சொல்லாகப் பார்த்துக் கொடுங்கள். பக்கத்தின் வேறு மூலையில் அதே சொல் இருந்தால் கோரிக்கையை நிராகரித்துவிடுவார்கள். இன்னொன்று, மூலத்தில் இன்னும் இருப்பதை இந்தக் கருவி எடுக்காது. வரிசை மாறினால் பலன் இல்லை: முதலில் தளத்தில் அழிக்க வேண்டும், அப்புறம்தான் கூகுள்.

விண்ணப்பத்துக்கென்று பெயரை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள். பழைய புனைபெயரை ரெஸ்யூமேவிலிருந்து எடுத்துவிட்டாலே பாதித் தொல்லை குறையும்.

சரி, மறைத்தாயிற்று, இனி என்ன தெரிய வேண்டும்? லிங்க்ட்இன் ஒன்று ஒழுங்காக இருந்தால் போதும். நான் அதில் முதலில் பார்ப்பது சேர்ந்த மாதம், விலகிய மாதம். ரெஸ்யூமேவில் மார்ச், இங்கே ஜூன் என்று இருந்தால் நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். திருத்தும்போது "Notify network" அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இப்போதைய மேலாளருக்கும் செய்தி போய்விடும். பெயரை ரெஸ்யூமேவில் எழுதிய அதே எழுத்துகளில், இனிஷியல் அதே இடத்தில் வருமாறு போடுங்கள். பெயருக்குப் பின்னால் எண்களோடு நீளமாக இருக்கும் முகவரியையும் மாற்றிக்கொள்ளலாம். அதே இடத்தில் பொதுப் பார்வை "On" என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அணைந்திருந்தால் கூகுளில் வராது.

தினமும் ஊக்க வாசகம் போட வேண்டிய அவசியம் கிடையாது. எங்களுக்கு அது அலுத்துப் போன சங்கதி. அந்தத் தம்பி இரண்டே பதிவுகள் எழுதினார். ஒன்று, வங்கி அறிக்கையும் கணக்குப் புத்தகமும் ஒத்துப் போகாதபோது எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பது பற்றி. எந்த நிறுவனத்தின் விவரமும் இல்லாமல், கற்பனை எண்களை வைத்து எழுதியிருந்தார். ஆளுக்கு வேலை தெரியும் என்று காட்ட அது போதுமானதாக இருந்தது.

உங்கள் பெயரிலேயே வேறொருவர் ஏதாவது வழக்குச் செய்தியில் வந்திருந்தால் அதை நீங்கள் அழிக்க முடியாது. அப்போது லிங்க்ட்இன்னில் தெளிவான முகப்படம் வையுங்கள், அந்த முகவரியை ரெஸ்யூமேவின் தலைப்பிலேயே போடுங்கள். தேடுகிறவர் கூகுளுக்குப் போவதற்கு முன்பே சரியான ஆளைப் பார்த்துவிடுவார்.