பழைய மேனேஜரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மூன்று வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். விலகி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். பழைய மேனேஜரிடம், "சார், எனக்கு ஒரு ரெகமண்டேஷன் லெட்டர் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். பத்து நாளாகப் பதில் இல்லை. மறுபடி எப்படிக் கேட்பது?
– வாசகி, அவிநாசி

பதில்: அவர் மறுக்கவில்லை. அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். எந்தப் படிப்பு, கடிதம் யாருக்குப் போக வேண்டும், எவ்வளவு நீளம், லெட்டர்ஹெட்டில் தர வேண்டுமா, எப்போதைக்குள் என்று எதுவும் உங்கள் செய்தியில் இல்லை. இதையெல்லாம் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்றரை வருடத்துக்கு முன் நீங்கள் செய்த வேலையையும் நினைவுபடுத்தி எழுத வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கடியில் இருப்பவர் இதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது இயல்பு.

முதலில் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். சில இடங்களில் நீங்களே கடிதத்தைப் பதிவேற்றலாம். பல இடங்களில் நீங்கள் கொடுக்கும் மேனேஜரின் மின்னஞ்சலுக்கு அவர்களே இணைப்பு அனுப்பி, கடிதத்தை அவரிடமிருந்து நேரடியாக வாங்குவார்கள். அவருடைய அலுவலக மின்னஞ்சல்தான் வேண்டும் என்று கேட்பதும் உண்டு. அவர் சரி என்று சொல்வதற்கு முன் அந்த முகவரியை விண்ணப்பத்தில் போட்டுவிடாதீர்கள். இணைப்பு உடனே போய்விடலாம். கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டாள் என்று அவருக்கு வருத்தம் வரும்.

இவை தெரிந்த பிறகு இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். இங்கிலாந்தில் ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். என் வேலையை நேரில் பார்த்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். குழந்தைகள் ஆடை ஆர்டரில் லேப் டிப் மூன்று முறை ரிஜெக்ட் ஆனபோது, டையிங் யூனிட்டிலேயே இருந்து அப்ரூவல் வாங்கினேன். சரக்கு விமானத்தில் போகாமல் கப்பலிலேயே போனது. நீங்கள் அந்த ஆர்டரைப் பற்றி எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் போதும். நவம்பர் 20-க்குள் தேவை. நீங்கள் சரி என்றால், தேவையான குறிப்புகளை இன்றே மெயிலில் அனுப்புகிறேன். இப்போது நேரம் இல்லை என்றாலோ, கம்பெனியில் அனுமதி இல்லை என்றாலோ தயங்காமல் சொல்லுங்கள் சார். வேறொருவரிடம் கேட்டுக்கொள்கிறேன்."

லேப் டிப், அதாவது சாயம் போட்ட துணியின் நிற மாதிரி, பற்றிய சம்பவம் ஓர் உதாரணம்தான். அந்த இடத்தில், அவரும் கூடவே இருந்து பார்த்த உங்கள் வேலை ஒன்றைப் போடுங்கள். "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவிடலாம். படிக்கும் பேராசிரியருக்கு அதில் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு சம்பவம் கையில் இருந்தால் மேனேஜருக்குக் கடிதத்தில் பாதி தயார்.

கடைசி இரண்டு வரிகளை நீக்கிவிடாதீர்கள். மனமில்லாமல் ஒப்புக்கொள்பவர் நான்கு வரியில் ஒப்புக்குத்தான் எழுதுவார். இன்ன தேதியில் சேர்ந்தார், இன்ன தேதியில் விலகினார் என்று மட்டும் எழுதினால் அது அனுபவச் சான்றிதழ், பரிந்துரை ஆகாது. அதைவிட இப்போதே "முடியாதும்மா" என்று சொல்லிவிட்டால் வேறொருவரைக் கேட்க உங்களுக்கு நாள் இருக்கும். கம்பெனி அனுமதி பற்றிய வரியும் அதற்காகத்தான். சில நிறுவனங்களில் லெட்டர்ஹெட்டில் எதைக் கொடுப்பதானாலும் ஹெச்.ஆர். வழியாகத்தான் போக வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலும் வரும் பதில், "நீயே எழுதி அனுப்பும்மா, கையெழுத்து போட்டுத் தர்றேன்." முழுக் கடிதமாக எழுதிக் கொடுக்காதீர்கள். பரிந்துரை எழுதுபவரின் சொந்த வார்த்தைகளைத்தான் பல்கலைக்கழகம் எதிர்பார்க்கிறது. உங்கள் விண்ணப்பக் கட்டுரையும் இந்தக் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் சந்தேகம் வரும். அதற்குப் பதிலாக அரைப் பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அவரிடம் வேலை பார்த்தீர்கள், பதவி, கையாண்ட ஆர்டர்கள், இரண்டு சம்பவங்கள், படிப்பின் பெயர், கடைசி நாள். எழுத உட்கார நேரமில்லை என்றால், "பத்து நிமிடம் போனில் பேசலாமா சார்? நீங்கள் சொல்வதை அப்படியே டைப் செய்து அனுப்புகிறேன், திருத்திக்கொள்ளுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பேசச் சொன்னால் அவருக்கு எளிதாக வரும், வார்த்தைகளும் அவருடையதாகவே இருக்கும்.

அவரிடம் சொல்லும் தேதி, உண்மையான கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் இருக்கட்டும். எழுத மூன்று வாரமாவது கொடுங்கள். இணைப்பு போன அன்றே, "மெயில் வந்ததா சார்? ஸ்பேம் ஃபோல்டரையும் ஒருமுறை பாருங்கள்" என்று கேளுங்கள். சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்பு ஒரே ஒரு நினைவூட்டல் போதும். குறிப்பையும் அதோடு மறுபடி இணைத்துவிடுங்கள், அவர் பழைய மெயிலைத் தேட வேண்டியிருக்காது. அதற்கும் பதில் வரவில்லை என்றால் அன்றே அடுத்தவரைக் கேளுங்கள். அந்த ஆர்டரில் உங்களோடு இருந்த சீனியர் மெர்ச்சண்டைசர் யார் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.