அமுக்குவான் வருவது இரண்டாம் தூக்கத்தில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி தூக்க முடக்கம் பற்றியவை. விழிப்பு வந்துவிட்டது, அறை தெரிகிறது, கை கால் மட்டும் அசையவில்லை என்கிறார்கள். வந்த உருவத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எத்தனை மணிக்குப் படுத்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று எழுதியவர்கள் இரண்டே பேர்.

மூச்சு நின்று தூக்கத்திலேயே உயிர் போய்விடுமா? (ஜார்ஜ்டவுன்)

போகாது. கனவுத் தூக்கத்தில் மூளை கை கால் உட்பட பெரும்பாலான தசைகளைத் தளரவிடுகிறது. ஆனால் மூச்சை இழுக்கும் உதரவிதானமும் கண் தசைகளும் வேலை செய்துகொண்டே இருக்கும். விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால், ஆழமாக இழுக்க முயன்றால் நெஞ்சு விரியாது. அதுதான் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பெரும்பாலும் சில வினாடிகள், மிஞ்சினால் இரண்டொரு நிமிடம்.

பாட்டி அமுக்குவான் பேய் என்கிறார். மலாய்த் தோழி ‘கெனா திண்டே’ என்கிறாள். தலையணைக்கு அடியில் கத்தி வைக்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

கத்தி வேண்டாம், தூக்கத்தில் கை பட்டால் வெட்டும். திருநீறு பூசிக்கொண்டு படுப்பதில் மனம் அமைதியாகும் என்றால் தாராளமாகப் பூசுங்கள். ஆள் நிற்பது, நெஞ்சை அழுத்துவது, உடம்பு மிதப்பது ஆகிய மூன்றும் உலகம் முழுக்க ஒரே மாதிரி சொல்லப்படுகின்றன. ஜப்பானியர்கள் ‘கனாஷிபாரி’ என்கிறார்கள். கண் விழித்த பிறகும் கனவு ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு 7 முதல் காலை 7 வரை ஷிப்ட். காலை 9-க்குப் படுத்து 12-க்கு எழுந்து பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவேன். சாப்பிட்டு 2:30-க்கு மறுபடி படுத்து 5 மணி வரை தூக்கம். வாரத்தில் மூன்று தடவை அமுக்குகிறது, எல்லாமே மதியத்தில். நல்லாத்தான் தூங்குகிறேன், ஏன் இப்படி? (வயது 34)

நேரம் எழுதிய இருவரில் நீங்கள் ஒருவர். அதனால் பதிலும் தெளிவாகவே சொல்ல முடிகிறது. நீங்கள் நன்றாகத் தூங்கவில்லை. மூன்று மணி நேரமும் இரண்டரை மணி நேரமும் சேர்த்தால் ஐந்தரைதான், அதுவும் இரண்டு துண்டாக.

ஒழுங்காகத் தூங்குகிறவருக்கு முதல் கனவுத் தூக்கம் வர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் நினைவு நன்றாக அணைந்திருக்கும், தசை தளர்வது தெரியாது. நீங்களோ 12 மணிக்கு அலாரம் வைத்துக் கனவுத் தூக்கத்தைப் பாதியில் வெட்டுகிறீர்கள். மூளை அந்தப் பாக்கியை விடாது. 2:30-க்குத் தலை சாய்த்ததும் நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் இறங்குகிறது. தசை அணைந்துவிட்டது, நினைவு இன்னும் அணையவில்லை. அந்த இடைவெளியில்தான் அமுக்குகிறது. 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதனைக்கூடத்திலேயே வரவழைத்தார்கள். தூங்குகிறவர்களை நடுவில் எழுப்பி, ஒரு மணி நேரம் விழித்திருக்க வைத்து, மறுபடி தூங்கவிட்டார்கள். சிலருக்கு முடக்கம் வந்தது. நீங்கள் வீட்டில் தினமும் அதையே செய்கிறீர்கள்.

மாற்ற வேண்டியது இரண்டாம் தூக்கத்தை. பிள்ளைக்கு ஸ்கூல் வேன் பிடியுங்கள், அல்லது வேலை நாட்களில் மட்டும் பக்கத்து வீட்டில் ஒப்படையுங்கள். காலை 8:30-க்குப் படுத்து 3:30 வரை ஒரே மூச்சாகத் தூங்குங்கள். கடைசி கோப்பி இரவு 2 மணிக்குள். ஜன்னலுக்குக் கனத்த திரை, போன் வேறு அறையில். ஓய்வு நாளில் மற்றவர்களைப் போல் இரவு 10-க்குப் படுத்தால் உடம்பின் கடிகாரம் மறுபடி குழம்பும். அன்றைக்கு அதிகாலை 3 முதல் 10 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

வேனுக்கு வழியே இல்லை, துண்டாகத்தான் தூங்க வேண்டும் என்றால், மொத்தம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, இரண்டாவது துண்டை ஒருக்களித்துத்தான் தூங்க வேண்டும். மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது. ஒருக்களித்துப் படுத்தும் தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிடுகிறவர்கள் பழைய டி-சட்டையின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போடுங்கள். பந்து உறுத்தினால் உடம்பு தானாகப் பக்கம் திரும்பும். இடுப்புக்குக் கிட்ட தைத்தால் பயனில்லை, முதுகுவலிதான் மிஞ்சும்.

காலண்டரில் படுத்த நேரம், எழுந்த நேரம், கிடந்த நிலை, அமுக்கியதா இல்லையா என்று நான்கையும் குறித்து வாருங்கள். மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள்.

அப்படியே உடம்பை உதறி எழ முயல்கிறேன், முடியவில்லை. என்ன செய்வது? (செராஸ்)

உதறாதீர்கள். முழு உடம்பையும் அசைக்கப் பார்த்தால் அசையாது, பயம் ஏறும், பயம் ஏறினால் உருவமும் பெரிதாகும். உருவத்தைப் பார்க்காமல் கண்ணை மூடி, இது முடக்கம், போய்விடும் என்று உள்ளுக்குள் சொல்லுங்கள். நெஞ்சை விரிக்காமல் வயிற்றால் சின்னதாக மூச்சு விடுங்கள். பிறகு ஒரு கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். விட்டதும் உடனே திரும்பப் படுக்காதீர்கள், ஒரே இரவில் இரண்டு மூன்று தடவை வருவது அப்படித்தான். எழுந்து விளக்கைப் போட்டு, முகம் கழுவி, பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒருக்களித்துப் படுங்கள்.

வீட்டுக்காரர் முனகுகிறார், கண் பாதி திறந்திருக்கிறது. எழுப்பலாமா? (பட்டர்வொர்த்)

எழுப்பலாம், அம்மா. தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பெரும்பாலும் விட்டுவிடும். கை கால் வெட்டி இழுத்தால், நாக்கைக் கடித்தால், எழுந்த பிறகும் குழம்பிக் கிடந்தால் அது வேறு சமாசாரம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பரீட்சைக்காக 5 மணிக்கு அலாரம். நிறுத்தி நிறுத்தி 6:30-க்கு எழுவேன். அப்போது அமுக்குகிறது. (செத்தாப்பாக், மாணவர்)

மேலே பாயான் லெப்பாஸ்காரருக்கு எழுதியதைப் படியுங்கள், தம்பி. இதுவும் இரண்டாம் தூக்கம்தான். 6:30-க்குத்தான் எழுவீர்கள் என்றால் அலாரத்தை 6:30-க்கே வையுங்கள்.

மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டேன். நல்லாகிவிட்டது என்று மூன்று வாரம் முன் நானே நிறுத்தினேன். இப்போது தினமும் கெட்ட கனவு, அமுக்கல். (கிளானா ஜெயா)

நீங்களே ஏன் நிறுத்தினீர்கள்? அந்த வகை மாத்திரைகளில் பல கனவுத் தூக்கத்தை அடக்கி வைப்பவை. சட்டென்று விட்டால் அது பொங்கி வரும். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே போய், நிறுத்திய தேதியைச் சொல்லுங்கள். பழைய மாத்திரையை நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்கவும் வேண்டாம். தூக்கத்துக்கென்று பீர் குடிப்பதும் இதே கதை. முதல் பாதி இரவில் கனவை அடக்கும், விடியற்காலையில் திருப்பி விடும்.

எனக்கும் அமுக்குகிறது. மூளை நோயா? (செந்தூல்)

வயதும் இல்லை, நேரமும் இல்லை, எத்தனை தடவை என்றும் இல்லை. இந்த ஒரு வரியை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. எப்போதாவது வந்தால் நோயில்லை. ஆனால் ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகினால், வாய்விட்டுச் சிரிக்கும்போது முட்டியோ தாடையோ தளர்ந்தால், நார்கோலெப்சி என்னும் தூக்க நோய் இருக்கலாம். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளினிக்கில் கடிதம் வாங்கித் தூக்கப் பரிசோதனைக்குப் போக வேண்டும். நார்கோலெப்சி சந்தேகம் என்றால் ஓர் இரவு முழுக்கப் பதிவு செய்து, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நான்கைந்து முறை படுக்க வைத்து, எத்தனை நிமிடத்தில் தூக்கம் வருகிறது, உடனே கனவுத் தூக்கத்துக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். போவதற்கு முன் இரண்டு வாரத் தூக்க நேரத்தைக் குறித்து எடுத்துப் போங்கள், அங்கேயும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.