ஒரே சிப், இரண்டு விலை

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 4060 கேமிங் லேப்டாப் ஒரு கடையில் 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டியோடு இருக்கிறது. இன்னொரு கடையில் 32 ஜிபி, 1 டிபி. ஆனால் விலை நூற்றுக்குப் பதினைந்து கூடுதல். எதை எடுக்கட்டும்?

ராமையும் எஸ்எஸ்டியையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். லேப்டாப்பில் வரும் 4060 கிராஃபிக்ஸ் சிப்புக்கு 35 முதல் 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் தயாரிப்பாளர் வைக்கலாம். ஸ்டிக்கரில் பெயர் ஒன்றுதான், ஆனால் மெல்லிய உடம்புக்குள் குறைந்த வாட்டில் ஓடுவது விளையாட்டில் நன்றாகவே பின்தங்கும். கடையில் ஓடும் மெஷின் இருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் System Information திறந்து Maximum Graphics Power என்ற வரியைப் படியுங்கள். அதைப் பின்னால் மாற்றவே முடியாது. ராமையும் எஸ்எஸ்டியையும் பெரும்பாலும் மாற்றலாம்.

வாட் இரண்டிலும் ஒன்றுதானா? சரி, இப்போது கணக்குப் போடலாம். மலிவான லேப்டாப்பின் விலை 100 என்று வையுங்கள், மற்றது 115. தனியாக வாங்கினால் 16 ஜிபி ராம் குச்சி ஒன்று 6, 1 டிபி எஸ்எஸ்டி 7 என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். அன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ராம் விலை ஏறி இறங்கும்.

மலிவானதில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து Performance, அதில் Memory. அங்கே Slots used: 1 of 2 என்று இருந்தால் 16 ஜிபியும் ஒரே குச்சியில் இருக்கிறது. இன்னொரு குச்சியும், காலி எம்.2 இடத்தில் எஸ்எஸ்டியும் போட்டால் மொத்தம் 113. ராம் 32 ஜிபி, சேமிப்பு ஒன்றரை டிபி ஆகிவிடும். 2 of 2 என்றால் கதை வேறு. இரண்டு 8 ஜிபி குச்சிகளையும் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு 16 வாங்க வேண்டும், 119 ஆகிவிடும். அப்போது 115 கேட்கிற கடைக்காரர் நியாயமாகத்தான் கேட்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே குச்சி இருக்கும் மெஷின் வாங்கிய அன்று மந்தமாக இருக்கும். ராமுக்கான பாதை ஒன்றுதான் திறந்திருப்பதால் பிராசசர் காத்திருக்கும், காட்சி அங்கங்கே திக்கும். இரண்டாவது குச்சி ஏறியதும் அது சரியாகிவிடும். இரண்டு 8 ஜிபி மெஷினில் அந்தத் தொல்லை ஆரம்பத்திலிருந்தே இல்லை. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு 16 ஜிபி போதும் என்பதால், விளையாட மட்டும் என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு எஸ்எஸ்டி மட்டும் சேர்க்கலாம், 107-ல் முடிந்துவிடும். 32 ஜிபி போட்டாலும் கிராஃபிக்ஸ் சிப்பின் சொந்த நினைவகம் 8 ஜிபிதான், அது அதிகமாகாது.

எஸ்எஸ்டி பெரிதானால் ஆட்டத்தின் வேகம் ஏறாது, இடம்தான் கிடைக்கும். 512 ஜிபி என்பது விண்டோஸில் 476 ஆகத்தான் தெரியும். 100 ஜிபியைத் தாண்டும் பெரிய விளையாட்டுகள் மூன்று ஏற்றினாலே நெருக்கடிதான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது இரண்டு: ராம் போர்டோடு பற்றவைத்ததா, மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா. இரண்டில் ஒன்றுக்குப் பாதகமான பதில் வந்தாலும் 115-ஐயே எடுங்கள்.