பரங்கிப் பிஞ்சு உதிர்வதற்குப் பழ ஈதான் காரணமா?

கேள்வி: ஒரு ஏக்கரில் பரங்கி போட்டிருக்கிறேன். கொடி நன்றாகப் படர்ந்து பூவும் நிறைய இருக்கிறது. ஆனால் பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. பழ ஈ என்று கடைக்காரர் சொன்னதால் இமிடாகுளோபிரிட் மூன்று முறை, காலை வேளையில் அடித்தேன். உதிர்வது இன்னும் கூடியிருக்கிறது. வேறு எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். உதிர்ந்த பிஞ்சில் பத்தைப் பொறுக்கி நெடுக்காக வெட்டிப் பாருங்கள். பழ ஈ என்றால் தோலில் குத்திய புள்ளியும், அதில் கசிந்து உறைந்த பிசினும் தெரியும். உள்ளே வெள்ளைப் புழு இருக்கும். இவை எதுவும் இல்லாமல், பூ ஒட்டியிருந்த நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் அது மகரந்தம் சேராத பிஞ்சு. உங்கள் வயலில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் உள்ள குட்டிப் பிஞ்சு, மகரந்தம் சேரும் முன்பே அங்கே இருப்பது. அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். இதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது, தேனீ போன்ற பூச்சிகள்தான் சுமந்து வர வேண்டும். பூ விடியும் முன் விரிந்து முற்பகலுக்குள் வாடிவிடும், மறுநாள் விரியாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ பல முறை வந்து போக வேண்டும். ஒவ்வொரு விதை உருவாகவும் ஒரு மகரந்தத் துகள் தேவை. ஒரு காயில் விதைகளோ நூற்றுக்கணக்கில். போதாவிட்டால் பிஞ்சு உதிரும். அரைகுறையாகச் சேர்ந்தால், விதை பிடிக்காத பக்கம் பெருக்காமல் காய் கோணிக்கொள்ளும்.

இதை நீங்களே சோதித்து உறுதி செய்துகொள்ளலாம். காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூலக முடி முழுவதும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். பத்துப் பெண் பூக்களுக்கு இப்படிச் செய்து நூல் கட்டி வையுங்கள். பக்கத்திலேயே இன்னும் பத்துப் பூக்களை எதுவும் செய்யாமல் வேறு நிற நூலால் அடையாளமிடுங்கள். ஒரு வாரத்தில் தடவியவை பெருத்து மற்றவை உதிர்ந்தால் குறை தேனீ வரவில்தான். இரண்டுமே உதிர்ந்தால் தண்ணீர், உரம், கடும் வெயில் பக்கம் காரணத்தைத் தேட வேண்டும்.

அப்புறம், மருந்து விஷயம். காலையில் அடித்தது தேனீ பூவுக்குள் இருக்கும் நேரத்தில் நேராக அதன் மேலேயே விழுந்திருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஊடுருவிப் பரவும் மருந்து என்பது. பின்னால் விரியும் பூக்களின் தேனிலும் மகரந்தத்திலும் அது கலந்து வரும். அதனால் மாலைக்கு மாற்றினாலும் இந்த மருந்தில் முழுப் பாதுகாப்பு கிடையாது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய நான்கு பங்கு உள்ளே போனாலே ஒரு தேனீ சாகக்கூடும். அதற்கும் குறைந்த அளவில் உடனே சாகாது, ஆனால் நரம்பு பாதிக்கப்பட்டுக் கூட்டுக்குத் திரும்பும் வழி தவறிவிடும். செத்த தேனீ வயலில் கண்ணில் படாததற்கு இதுவும் ஒரு காரணம். இந்த மருந்தைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. டப்பாவில் உள்ள வண்ண முக்கோணத்தைப் பார்த்துத் தேனீக்கு ஆபத்தில்லை என்று முடிவு செய்யாதீர்கள். அது மனிதர் போன்ற பாலூட்டிகளுக்கு உள்ள நஞ்சின் அளவைக் காட்டுவது.

சரி, இந்தப் போகத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஒரு கொடி தாங்குவதே சில காய்கள்தான். கொடிக்கு நான்கைந்து பெண் பூக்களுக்குக் கையால் மகரந்தம் சேர்த்தால் போதும். அவசரப்பட்டுத் தேனீப் பெட்டி வாங்கி வைக்காதீர்கள், மருந்தேறிய பூவில் அந்தக் கூட்டமும் அழியும். காலையில் பூக்களில் தேனீ தானாக வரத் தொடங்கிய பிறகு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். வரப்பில் சிறு துளைகள் தெரிந்தால் கொத்திவிடாதீர்கள். மண்ணில் கூடு கட்டும் தேனீக்களும் பரங்கிப் பூவுக்கு வருபவை.

பழ ஈயும் இருப்பது தெரிந்தால், அதை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் கியூலூர் பொறி வையுங்கள். மாந்தோப்புக்கு வைக்கும் மீத்தைல் யூஜினால் பொறியில் பூசணி இனத்துப் பழ ஈ சிக்காது, கடையில் கேட்டு வாங்குங்கள். புழு விழுந்த காய்களை வயலிலேயே விடாமல் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். சாறு உறிஞ்சும் பூச்சி அதிகமானால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை, பூ மூடிய பிறகு மாலையில் தெளியுங்கள்.