வங்கி நகலை நம்பிச் சரக்கை அனுப்பலாமா?

"இன்ஸ்டாகிராமில் அறிமுகமான துபாய் வியாபாரி, பணம் போட்டதற்கான ஸ்விஃப்ட் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கரூரிலிருந்து 200 படுக்கை விரிப்புகளை விமானத்தில் அனுப்பிவிடலாமா?"

இன்று அனுப்பாதீர்கள். உங்கள் வங்கி வரவு வைத்த பிறகு அனுப்புங்கள். எனக்கு ஒருமுறை வந்த நகலில் தொகை சரியாக இருந்தது; என் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் குறைந்திருந்தது. நகலில் யூஇடிஆர் என்ற 36 எழுத்துக் குறியீடு இருக்கும். அதை வங்கியில் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடித் தருவார்கள்.

இன்னொன்று, விமானச் சரக்குச் சீட்டு கப்பல் சரக்குச் சீட்டைப் போல உரிமை ஆவணம் அன்று. பெறுநராக அவர் பெயர் இருந்தால், அசல் சீட்டைக் கேட்காமலே சரக்கைக் கொடுத்துவிடுவார்கள். மீதிப் பணம் பாக்கி என்றால், அவருடைய வங்கியிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று, அந்த வங்கியையே பெறுநராகக் குறிப்பிடுங்கள்.