அம்புக்குறிக்குள் அடங்காத தமிழ்

“நீர்ச் சுழற்சிப் படத்தை இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் தமிழாக்குகிறேன். ‘நிலத்தடி நீரோட்டம்’ அம்புக்குறிக்குள் அடங்கவில்லை. பக்கவாட்டில் நெருக்கினால் அசிங்கமாகிவிடுகிறது. என்ன செய்வது?”

நெருக்குவதை விட்டுவிடுங்கள். அதில் நெடுக்குக் கோடுகள் மட்டும் மெலியும்; கிடைக்கோடுகள் தடித்தே நிற்கும். குறுகலாகவே வரையப்பட்ட நோட்டோ சான்ஸ் தமிழ் கண்டென்ஸ்டு எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள்.

போதாவிட்டால் ‘நிலத்தடி’ மேலே, ‘நீரோட்டம்’ கீழே என இரண்டு வரியாக்குங்கள். வரி இடைவெளி 1.3 அளவில் இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு வைத்திருந்த 1.0 இங்கே உதவாது. மேல்வரி எழுத்துகளின் வால் கீழ்வரி எழுத்துகளின் சுழியிலோ புள்ளியிலோ போய் முட்டக்கூடும்.

அப்போதும் இடிக்கிறதா? இந்தச் சொல்லின் எழுத்தை மட்டும் சிறிதாக்காதீர்கள், உடனே கண்ணை உறுத்தும். சொல்லை அம்புக்கு வெளியே காலியான மண் பகுதியில் வைத்து, மெல்லிய கோட்டால் இணைத்துவிடுங்கள்.