இரண்டாவது சனிக்கிழமையை நம்பாதீர்கள்: பேட்சிங், அக்சஸ் ரிவ்யூ கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: அக்கா, விண்டோஸ் சேர்வர் பேட்சிங் டிக்கெட்டை "மாதத்தின் இரண்டாவது சனி" என்று போட்டிருக்கிறோம். சில மாதம் மட்டும் ஸ்கேன் ரிப்போர்ட் பழைய ஓட்டைகளையே காட்டுகிறது. ஏன்?

பிழை கலண்டரில் இருக்கிறது, தம்பி. மைக்ரோசொப்ட் பேட்ச் விடுவது இரண்டாவது செவ்வாய். கொழும்பு நேரப்படி அன்றிரவு 10.30, அமெரிக்கக் குளிர்காலத்தில் 11.30. இரண்டாவது சனி அதற்குப் பிறகுதான் வரும் என்று எடுத்துக்கொண்டீர்கள். 2026 ஏப்ரலைப் பாருங்கள். முதலாம் திகதி புதன். அதனால் இரண்டாவது சனி 11ஆம் திகதி, இரண்டாவது செவ்வாய் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில். 11ஆம் திகதி இரவு கண்விழித்துப் போட்டால் போவது மார்ச் பேட்ச்தான். மாதம் புதன், வியாழன், வெள்ளி, சனி எதில் பிறந்தாலும் இப்படித்தான்.

இரண்டாவது செவ்வாய் 8க்கும் 14க்கும் இடையில் விழும். நான்கு நாள் கூட்டுங்கள்: 12 முதல் 18க்குள் வரும் சனி. அதுதான் உங்கள் விதி. டிக்கெட்டை 9 முதல் 15க்குள் வரும் புதன் காலையிலேயே திறக்க வையுங்கள், டெஸ்ட் சேர்வரில் போட்டுப் பார்க்க மூன்று நாள் கிடைக்கும். உங்கள் மென்பொருளில் "இரண்டாவது, மூன்றாவது" என்று மட்டுமே தெரிவு இருந்தால் மூன்றாவது சனியை எடுங்கள். சில மாதம் 11 நாள் பொறுக்க வேண்டும், ஆனால் முந்திப் போகாது.

தெஹிவளையிலிருந்து: இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு? குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரோனில் `0 22 12-18 * 6` என்று போட்டால் முடிந்ததே.

திகதிகள் சரி. ஆனால் திகதி, கிழமை இரண்டையும் கொடுத்தால் கிரோன் "இதுவும் அதுவும்" என்று பார்க்காது, "இது அல்லது அது" என்று ஓடும். அந்த ஏப்ரலில் உங்கள் வரி 12 முதல் 18 வரை தினமும், அப்புறம் 4, 11, 25 சனிகளிலும், மொத்தம் 10 இரவு டிக்கெட் போடும். கிழமையை உள்ளே சோதியுங்கள்:

```
0 22 12-18 * * [ "$(date +\%u)" = 6 ] && /opt/ops/new-task.sh
```

`%` முன்னால் உள்ள `\` விடுபட்டால் கிரோன் வரியை அங்கேயே வெட்டிவிடும். systemd டைமர் இருந்தால் இன்னும் நல்லது, அது இரண்டு நிபந்தனையும் பொருந்தினால்தான் ஓடும். வரப்போகும் 12 திகதிகளையும் முன்கூட்டியே காட்டும்:

```
systemd-analyze calendar --iterations=12 "Sat *-*-12..18 22:00"
```

கொள்ளுப்பிட்டியிலிருந்து: யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று பார்க்கும் அக்சஸ் ரிவ்யூ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வருடத்துக்கு நான்கு இருக்க வேண்டும், கணக்காய்வாளர் மூன்றுதான் என்கிறார். நாங்கள் ஒன்றையும் விடவில்லை!

அடுத்த டிக்கெட்டை "முடித்த நாளிலிருந்து மூன்று மாதம்" என்று வைத்திருப்பீர்கள். ஜனவரி 10 கெடு, பெப்ரவரி 10 முடிக்கிறீர்கள். அடுத்தது மே 10, ஜூன் 10 முடிகிறது. பிறகு செப்டெம்பர் 10, ஒக்டோபர் 10. நான்காவது அடுத்த ஜனவரிக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றும் ஒரு மாதம் தாமதம், அவ்வளவுதான். கெடு திகதியிலிருந்து எண்ணும்படி மாற்றுங்கள். பயனர் பட்டியலையும் கெடு நாளன்றே எடுத்து டிக்கெட்டில் இணையுங்கள். முடிக்கும் நாளில் எடுத்தால் இடையில் நீக்கப்பட்டவர்கள் அதில் இருக்க மாட்டார்கள், கணக்காய்வாளர் அவர்களைத்தான் கேட்பார்.

மருதானையிலிருந்து: எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, டிக்கெட் தானாக வருகிறது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்கே போகட்டுமா?

வேண்டாம். முன்பு நான் வேலை செய்த இடத்தில் இதே விஷயம் என்னைச் சுட்டது. போனவருடைய கணக்கை மூடினோம், அவர் பெயரிலிருந்த மாதாந்தப் பணியை மறந்தோம். மூன்று மாதங்களின் டிக்கெட்டுகள் யார் கண்ணிலும் படாமல் திறந்தபடி கிடந்தன. தற்செயலாக ஒரு சேர்வரை ரீஸ்டார்ட் செய்யப் போனபோதுதான் தெரிந்தது. பணியை ஆளுக்கல்ல, குழுவின் வரிசைக்குக் கொடுங்கள். வேலை விடுபவரின் செக்லிஸ்ட்டில் "அவர் பெயரில் உள்ள திரும்ப வரும் பணிகள்" என்று ஒரு வரி சேருங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: எங்கள் முகாமையாளர் அக்சஸ் ரிவ்யூவில் 140 பேரையும் நான்கு நிமிடத்தில் "சரி" என்று தட்டிவிடுகிறார். டிக்கெட் நேரத்துக்கு மூடப்படுகிறது. இதை என்ன செய்வது?

இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. 90 நாள் உள்நுழையாதவர்களையும், எட்மின் உரிமை உள்ளவர்களையும் தனி உபபணியாகப் பிரித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் காரணம் எழுதாமல் அது மூடாது. அந்தச் சின்னப் பட்டியலை ஆட்கள் உண்மையாகவே வாசித்தார்கள். மீதிப் பட்டியல் இன்னும் நான்கு நிமிடத்தில்தான் போகிறது. வேறு வழி கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள், நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.